நாளைய வேலைத் திட்டம் (10-12-2025, புதன்): காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை

செல்வி அக்காவுக்கும் தம்பி கார்த்திக்குக்கும்,

நாளை நம் பகுதித் துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி. காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலை 5 மணிக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். மார்கழி நெருங்கியும் கோவில்பட்டியில் மழை விட்டபாடில்லை. மழையில் கம்பத்தில் ஏறி வேலை பார்க்க முடியாது என்பதால் 5 மணி ஆறாகவும் ஆகலாம். அப்படி ஆனாலும் நம் வேலை நிற்காதபடி இதை எழுதுகிறேன். இருவரும் இன்று இரவே ஒருமுறை படித்துவிடுங்கள்.

நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு நாளை மறுநாள், 11ஆம் தேதி, கடைசி நாள். 42 பேரில் 29 பேருக்கு முடித்துவிட்டோம். மீதி 13 பேர். தாமதக் கட்டணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. நம்மிடம் கணக்கு வைத்திருப்பவர் 11ஆம் தேதியைத் தவறவிட்டால், அவரிடம் சரக்கு வாங்கியவருக்கு 14ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் அந்த பில் வராது. வாங்கியவர் அந்த மாதம் வரிக் கழிவு எடுக்க முடியாது. பிறகு அடுத்த ஆர்டருக்குப் போன் வராது. தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் ஒரு சிறு முதலாளிக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

11ஆம் தேதி பார்த்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். அன்று மாலை எல்லா ஊர்க்காரர்களும் ஒரே தளத்தில் நுழைவார்கள். அந்த நாள், இன்னும் பில் கொடுக்காத மூன்று பேருக்காக மட்டும் இருக்கட்டும்.

வேலைகளை இணையம் வேண்டியவை, வேண்டாதவை என்று பிரித்திருக்கிறேன். பிரிக்க உட்கார்ந்தபோதுதான், இணையம் வேண்டாதது போல் தோன்றி நடுவில் நம்மைக் கைவிடும் வேலைகள் எத்தனை என்று தெரிந்தது. போன மாதம் திடீரென்று இரண்டு மணி நேரம் மின்சாரம் போனபோது, ஒருவருடைய விற்பனைக் கணக்கை எக்செல்லில் சரிபார்த்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். கோப்பு கணினியில் இல்லை. அதற்கான இணைப்பு மட்டும் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் வீண். அது என் தவறு. நாளை அப்படி ஆகக் கூடாது.

இன்று இரவு, வீட்டுக்குப் போகுமுன்

தம்பி, டேலியிலிருந்து பாக்கி உள்ளவர்களின் நவம்பர் விற்பனைப் பதிவேட்டை எக்செல்லாக எடுத்து இரண்டு மடிக்கணினியிலும் போடு. பென் டிரைவிலும் ஒரு பிரதி. போட்டுவிட்டு, வைஃபையை அணைத்துவிட்டு ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார். திறந்தால்தான் அது நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

வாட்ஸ்அப்பில் வந்த பில் படங்களைத் தட்டித் தட்டி இறக்கிவிடு. இறங்காத படம் மங்கலாக ஏதோ இருப்பது போல் ஏமாற்றும். எண் படிக்க முடியாது. வங்கி அறிக்கைகளுக்கான கடவுச்சொற்கள் மின்னஞ்சலிலேயே கிடக்கின்றன. அவற்றை நோட்டில் எழுதி, நோட்டை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடு.

மடிக்கணினி இரண்டு, போன் மூன்று, பவர் பேங்க் ஒன்று: எல்லாம் இரவு முழுக்க சார்ஜில் இருக்கட்டும். இன்வர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் அளவை நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

காலை 7 முதல் 9 வரை: இணைய வேலை மட்டும்

இருவரும் 7 மணிக்கு வந்துவிடுங்கள். சிரமம்தான், மாலையில் முடிந்தவரை சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன். காலை டிபன் என் வீட்டிலிருந்து வரும்.

வந்ததும் தாக்கலில் கைவைக்க வேண்டாம். முதல் அரை மணி நேரம், பகலில் தேவைப்படுவதை எல்லாம் இறக்கும் நேரம். இரவு வந்த மின்னஞ்சல் பில்கள், புதிய படங்கள், மின் விலைப்பட்டியல் போடும் இரண்டு கம்பெனிகளுக்குத் தளத்தில் தானாக ஏறியிருக்கும் விவரங்கள் ஆகியவை முதலில். 8.40க்கே மின்சாரம் போனாலும் பகல் முழுக்கச் செய்ய வேலை கையில் இருக்கும். மாறாக, ஒரு தாக்கல் கூடுதலாக முடித்துவிட்டு எட்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது யாருக்கு லாபம்?

7.30க்குத் தயாராக இருக்கும் நான்கு பேருடைய படிவங்கள். அவர்களிடம் இன்று மாலையே பேசிவிட்டேன், 7.30 முதல் 8.30 வரை போனைக் கையில் வைத்திருப்பார்கள். ஒருவருக்குக் கோரிக்கை அனுப்பி, அவர் எண்ணைச் சொல்லி, தாக்கல் முடிந்த பிறகே அடுத்தவர். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஓடிபி அனுப்ப வேண்டாம்; குழப்பம் வந்தால் எண் காலாவதியாகி மறுபடி கேட்க வேண்டிவரும்.

அக்கா, அந்த நேரத்தில் நீங்கள் வழிச்சீட்டுகளைப் பாருங்கள். நாளை சரக்கு ஏற்றும் ஐந்து பேரிடமும் 8.15க்குள் பில் விவரம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வண்டி எண் தெரியாவிட்டாலும் முதல் பகுதியைப் பதிந்துவிடுங்கள். வண்டி எண் சேர்க்கும்போதுதான் செல்லுபடியாகும் நேரம் ஓடத் தொடங்கும் என்பதால் முன்கூட்டிப் பதிவதில் நஷ்டமில்லை. பகலில் வண்டி வந்ததும் எண்ணை மட்டும் என் போனிலிருந்து ஏற்றிவிடலாம். அதற்குக் கொஞ்சம் சிக்னல் போதும்.

8.45க்கு அச்சு எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு லேசர் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை நம் இன்வர்ட்டர் தாங்காது.

9 முதல் 5 வரை: இணையம் இல்லாத வேலை

மோடத்தை இன்வர்ட்டரில் போட்டால் இணையம் வரும் என்று நம்ப வேண்டாம். நம் மோடம் எரியும். தெருவில் இருக்கும் இணைப்புப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டுமே. போன் கோபுரங்களுக்குப் பேட்டரி உண்டு, ஆனால் நேரம் போகப் போக சிக்னல் மெலியும். ஊரே போனில் இணையம் பார்க்கும் நாள் அது. ஹாட்ஸ்பாட், வழிச்சீட்டுக்கு மட்டும். வேறு எதற்கும் தொடாதீர்கள்.

இன்வர்ட்டர் கணக்கு இது. பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. பெருக்கினால் 1,800 வாட் மணி. நம் பேட்டரி பழையது, 1,100 கிடைத்தால் நல்லது. மேசைக் கணினி, ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு, இரண்டு மடிக்கணினி எல்லாம் சேர்ந்தால் 300 வாட்டைத் தாண்டும். நான்கு மணி நேரம்கூட வராது. அதனால் டேலி இருக்கும் மேசைக் கணினி காலையில் அணைந்தே இருக்கும். 2 மணிக்குத்தான் திறப்போம். அதுவரை மடிக்கணினி அதனதன் பேட்டரியிலேயே ஓடட்டும். சன்னலோரம் உட்கார்ந்தால் விளக்கும் வேண்டாம்.

காலை வேலை, ஆறு பேருடைய விற்பனைப் பதிவேட்டை பில்லோடு ஒப்பிடுவது. அக்காவுக்கு மூன்று, தம்பிக்கு மூன்று. வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் சரியா என்று தளத்தில் பார்க்க முடியாது. பெரும்பாலான பிழைகளைக் கண்ணாலேயே பிடிக்கலாம். பதினைந்து எழுத்து இருக்க வேண்டும். எண் இருக்கும் நிரலுக்குப் பக்கத்தில் இதைப் போட்டு இழுத்துவிடு தம்பி:

```
=IF(LEN(TRIM(C2))<>15,"பார்","")
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். 33 என்றால் தமிழ்நாடு, 32 கேரளம். கேரளத்துக்குப் போன தீப்பெட்டி பில்லில் மாநில வரியும் மத்திய வரியும் தனித்தனியாகப் போட்டிருந்தால், எழுதியவர் தவறிவிட்டார். அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. குறித்துவையுங்கள், நான் அவரிடம் பேசுகிறேன். அதேபோல், செப்டம்பர் 22க்குப் பிறகு 12 சதவீத அடுக்கு அநேகமாகப் போய்விட்டது. எங்காவது 12 என்று கண்டால் நிறுத்துங்கள். செங்கல் சூளைக்காரர் மட்டும் விலக்கு. அவருக்கு 12 சரிதான்.

தளத்தில்தான் தீரும் சந்தேகங்களுக்கு ஆளுக்கொரு தாள். கேள்வியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். மாலையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் தேடலாம்.

2 மணிக்கு மேசைக் கணினி. தம்பி, திருத்தங்களை டேலியில் ஏற்றி, ஆறு பேருக்கும் ஜேசன் கோப்பு எடுத்துவிடு. இதற்கு இணையம் தேவையில்லை. ஒருவர் மட்டும் டேலியில் இல்லை, எக்செல்லில் இருக்கிறார். அவருக்கு ஜிஎஸ்டி தளத்தின் ஆஃப்லைன் கருவி. அது உலாவியில் திறக்கும் என்பதால் இணையம் வேண்டும் என்று நினைத்துவிடாதே, கணினிக்குள்ளேயே ஓடுவது. ‘மாலை ஏற்ற வேண்டியவை’ என்று ஒரு கோப்புறை போட்டு, கோப்புப் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று வரிசை எண் கொடு. 4 மணிக்கு மேசைக் கணினியை அணைத்துவிடு.

அக்கா, உங்கள் மூன்றும் முடிந்துவிட்டால் முன்வரி. டிசம்பர் 15க்குள் 75 சதவீதம் கட்ட வேண்டிய எட்டுப் பேருடைய மதிப்பீட்டைக் காகிதத்தில் போட்டுவைத்தாலே பாதி பாரம் இறங்கும். இறந்த உங்கள் மாமனார் கடைக் கணக்கும் அதில் இருக்கிறது; அதை மட்டும் என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் காலை 10 முதல் 1 வரை வெளியே இருப்பேன். பில் தராத மூன்று பேரையும் நேரில் பார்த்து, பில் புத்தகத்தையே வாங்கி வரப் போகிறேன்.

மாலை

5 மணிக்கு மின்சாரம் வந்தால் கால் மணி நேரம் பொறுத்து, மோடம் நிலைத்த பிறகு, கோப்புறையில் உள்ள வரிசைப்படி ஆறையும் ஏற்றுங்கள். தளம் ஒரு கோப்பை வாங்கிச் செரிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். காத்திருக்காமல் அடுத்தவருடையதை ஏற்றிக்கொண்டே போகலாம். அந்த இடைவெளியில் சந்தேகத் தாள்.

5.30 வரை வராவிட்டால் தம்பியும் நானும் எட்டயபுரத்தில் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அங்கே நாளை மின்தடை இல்லை, தங்கையிடம் சொல்லியாகிவிட்டது. ஒரு மடிக்கணினி, பென் டிரைவ், கம்பெனிக்காரர் இருவரின் மின்னணுக் கையொப்ப டோக்கன்கள், சந்தேகத் தாள்கள், எல்லாம் 4 மணிக்கே நீலப் பையில் இருக்கட்டும். அக்கா, நீங்கள் அந்த நேரத்துக்குக் கிளம்பிவிடுங்கள். பேரனை டியூஷனிலிருந்து அழைத்துவர வேண்டுமே.

சாவி என்னிடம். 6.50க்குக் கதவு திறந்திருக்கும்.

மீனா
9-12-2025, மாலை