மூன்று கல், மூன்று தோசை: உங்கள் வீட்டுக்கு எது சரி?

படத்தில் இருக்கும் மூன்றுமே எங்கள் வீட்டு அடுப்படியில் தினமும் புழங்குபவை. இடதுபுறம் நான்ஸ்டிக், நடுவில் மெல்லிய இரும்புத் தகட்டுக் கல், வலதுபுறம் நாங்கள் விற்கும் வார்ப்பிரும்புக் கல். மாவு ஒன்றுதான், எண்ணெயும் அதே நல்லெண்ணெய்தான். தோசை மட்டும் மூன்று விதமாக வந்திருக்கிறது பாருங்கள்.

நான்ஸ்டிக்கில் முதல் தோசையே ஒட்டாமல் வரும். எண்ணெய் கொஞ்சம் போதும், தூக்கவும் கழுவவும் சுலபம். இப்போதுதான் சமைக்கப் பழகுகிறவர்களுக்கும், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் நாங்களே அதைத்தான் சொல்வோம். தீயை மிதமாக வைத்து மரக்கரண்டியால் திருப்பினால் நன்றாக உழைக்கும்.

தகட்டுக் கல் சீக்கிரம் சூடேறும், தீயைக் குறைத்தால் உடனே சூடு தணியும். சப்பாத்திக்கு அதுதான் வசதி. கேஸ் மிச்சம், விலையும் குறைவு. எங்கள் வீட்டில் ராத்திரி சப்பாத்திக்கு இன்றும் அதுதான் அடுப்பில் ஏறுகிறது.

சரி, அப்புறம் வார்ப்பிரும்பு எதற்கு?

தொடர்ந்து தோசை சுட. எங்கள் கல்லின் கனம் 5 மில்லிமீட்டர். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல் சட்டென்று ஆறிவிடாது. அதனால்தான் படத்தில் உள்ள தோசையின் அடி நல்ல பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று வந்திருக்கிறது. ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு தோசைக்கும் நடுவே கல் மறுபடி காயும்வரை நிற்க வேண்டியதில்லை. அடை, ஊத்தப்பம் மாதிரி நின்று வேகவேண்டியவற்றுக்கு இன்னும் நல்லது. இரும்புத் திருப்பியைத் தாராளமாகப் போடலாம். இன்டக்‌ஷனிலும் வைக்கலாம்.

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறோம். மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய தீ வைத்தால் நடுவில் கருகும், ஓரம் வெளுத்தே இருக்கும். கழுவியதும் ஈரத்தைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும். புளி, தக்காளி சேர்ந்த எதையும் இதில் கொதிக்கவிடக் கூடாது, பழகிய பரப்பு போய்விடும். கீழே போட்டால் விரிசல் விடலாம். சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தோசை சுடுகிற வீடு என்றால், வீட்டில் இருக்கும் கல்லே போதும். உண்மையாகவே போதும்.

வார்ப்பிரும்புக் கல் பல இடங்களில் கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் கனம் எவ்வளவு, அடிப்பக்கம் சமமாக உட்காருகிறதா, பழக்கித் தருகிறார்களா என்று கேளுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக வரும் கற்களும் உண்டு. சுடச் சுட அவை வழவழப்பாகிவிடும், விலையிலும் சிக்கனம். வீட்டிலேயே வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பழக்கிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நாங்கள் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வார்த்து வாங்கி, மேற்பரப்பைத் தீட்டி, நல்லெண்ணெய் தடவிச் சூட்டில் பழக்கி அனுப்புகிறோம். பெயின்டோ வேறு பூச்சோ கிடையாது. விலையில் கூடுதலாகத் தெரிவது அந்தத் தீட்டுக்கூலியும் பழக்கும் வேலையும்தான். வந்த அன்றே கழுவித் துடைத்துச் சுடலாம். முதல் இரண்டு தோசைக்கு மட்டும் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

10 அங்குலம்: 2 கிலோவுக்குச் சற்று மேல், ₹1,050
12 அங்குலம்: சுமார் 3 கிலோ, ₹1,350

தமிழ்நாட்டுக்குள் கூரியர் செலவு எங்களுடையது. வழியில் உடைந்து வந்தால் பெட்டியோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், வேறு கல் வரும்.

எந்த அளவு என்று குழப்பமாக இருந்தால் உங்கள் அடுப்பின் படத்தை இன்பாக்ஸில் போடுங்கள். சின்ன பர்னருக்கு 12 அங்குலம் கேட்டால் 10 போதும் என்றுதான் சொல்வோம். ஓரம் வேகாத தோசைக்கு நீங்கள் எங்களைத் திட்டக் கூடாது இல்லையா!

உங்கள் வீட்டில் எந்தக் கல், எத்தனை வருடமாக? கமென்டில் சொல்லுங்கள். பாட்டி காலத்துக் கல் இருந்தால் படமும் போடுங்கள், பார்க்க ஆசை.

#தோசைக்கல் #வார்ப்பிரும்பு #இரும்புப்பாத்திரம் #கோயம்புத்தூர் #மொறுமொறுதோசை