வார ஷிப்ட் பட்டியல்: 2025 நவம்பர் 10 திங்கள் முதல் நவம்பர் 16 ஞாயிறு வரை

அனைவருக்கும்,

இந்த வாரத்திலிருந்து ஷிப்ட் போடும் முறை மாறுகிறது. இதுவரை வார லீவு ஒரே கிழமையில் நிலையாக இருந்தது, லேட் மட்டும் அவ்வப்போது கேட்டுப் போட்டோம். கேட்டால் மறுக்காதவர்கள் தலையிலேயே ஞாயிறு லேட் விழுந்துகொண்டிருந்தது. இனி லீவும் லேட்டும் சேர்ந்தே சுற்றும். முதலில் பட்டியல், விளக்கம் கீழே.

காலை ஷிப்ட்: 8:30 முதல் 5:00 வரை. லேட் ஷிப்ட்: 1:30 முதல் இரவு 10:00 வரை. இரண்டிலும் அரை மணி சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேர வேலை. வாரத்துக்கு 6 நாள், 48 மணி நேரம். கடை திறப்பது 9:00, கதவு சாத்துவது 9:30.

| நாள் | காலை | லேட் | வார லீவு |
|---|---|---|---|
| திங்கள் 10 | கவிதா, பிரபு, ஜான்சி | முருகன், ரஃபீக் | செல்வி |
| செவ்வாய் 11 | செல்வி, பிரபு, ஜான்சி | ரஃபீக், கவிதா | முருகன் |
| புதன் 12 | செல்வி, முருகன், ஜான்சி | கவிதா, பிரபு | ரஃபீக் |
| வியாழன் 13 | செல்வி, முருகன், ரஃபீக் | பிரபு, ஜான்சி | கவிதா |
| வெள்ளி 14 | முருகன், ரஃபீக், கவிதா | ஜான்சி, செல்வி | பிரபு |
| சனி 15 | முருகன், ரஃபீக், கவிதா, பிரபு | செல்வி, மாலதி | ஜான்சி |
| ஞாயிறு 16 | ரஃபீக், கவிதா, பிரபு | ஜான்சி, செல்வி, முருகன் | யாருக்கும் இல்லை |

சனிக்கிழமை லேட்டில் என் பெயர் இருப்பது தவறி விழுந்ததல்ல. முறைப்படி அது முருகன் அண்ணனுடைய லேட். அன்று மாலை அவர் வீட்டு விசேஷம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். காலையில் இருக்கும் மற்ற மூவரில் யாரை மாற்றிப் போட்டாலும், லேட் முடித்துவிட்டு மறுநாள் காலையே அவர் கடை திறக்க வர வேண்டியிருக்கும். அதனால் நானே நிற்கிறேன். அந்த ஒரு லேட்டை முருகன் அண்ணன் நவம்பர் 24 திங்கள் அன்று ஈடு செய்வார். அன்றுதான் ஸ்டாக் எண்ணுகிறோம், எப்படியும் மூன்றாவது ஆள் தேவை.

முறை எப்படி ஓடுகிறது

வார லீவு ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் தள்ளிப் போகும். இந்த வாரம் திங்கள் லீவு என்றால் அடுத்த வாரம் செவ்வாய், அதற்கடுத்து புதன். சனி வரை போனவர் அடுத்த வாரம் திங்களுக்குத் திரும்புவார். லேட் நாட்கள் எப்போதும் லீவுக்கு முன்னால்தான் வரும். அதாவது லேட் முடித்த மறுநாள் ஒன்று லேட், இல்லையென்றால் லீவு. இரவு 10 மணிக்குக் கடை பூட்டிவிட்டு மறுநாள் 8:30க்கு ஷட்டர் தூக்குவது இனி யாருக்கும் கிடையாது. எனக்கு இந்த ஒன்றுதான் முக்கியம், மற்றதை எல்லாம் இதைச் சுற்றித்தான் அடுக்கினேன்.

இதில் சுமையும் உண்டு, மறைக்கவில்லை. லீவு ஒரு நாள் தள்ளிப் போவதால் இரண்டு லீவுக்கு நடுவே 7 நாள் வேலை வரும். முருகன் அண்ணனுக்கு 11ஆம் தேதி லீவு, அடுத்தது 19ஆம் தேதி. அதேபோல், திங்கள் லீவில் இருந்து செவ்வாய் லீவுக்கு மாறுபவருக்கு நான்கு லேட் தொடர்ந்து வரும். இப்போது அந்த இடத்தில் செல்வி இருக்கிறார்: வெள்ளி, சனி, ஞாயிறு, 17ஆம் தேதி திங்கள், பிறகு செவ்வாய் லீவு. அடுத்த வாரம் அந்த இடம் ஜான்சிக்கு. செவ்வாயிலிருந்து புதனுக்கு மாறுபவருக்கும் நான்கு வரும். ஒரு சுற்றில் இந்த இரண்டு தடவைதான். பதிலுக்கு, சனியிலிருந்து திங்களுக்குத் திரும்புபவருக்கு லீவு கிட்டத்தட்ட ஒட்டி வரும். ஜான்சிக்கு இந்தச் சனி லீவு, ஞாயிறு லேட், திங்கள் மறுபடி லீவு. ஊருக்குப் போகிறவர்கள் அந்த வாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரத்துக்கு யாருக்கு என்று லீவு, அந்த வாரம் எத்தனை லேட் என்பது கீழே. எண் லேட்டைக் குறிக்கும்.

| வாரம் தொடங்கும் நாள் | செல்வி | முருகன் | ரஃபீக் | கவிதா | பிரபு | ஜான்சி |
|---|---|---|---|---|---|---|
| நவம்பர் 10 | திங்கள், 3 | செவ்வாய், 2 | புதன், 2 | வியாழன், 2 | வெள்ளி, 2 | சனி, 3 |
| நவம்பர் 17 | செவ்வாய், 3 | புதன், 2 | வியாழன், 2 | வெள்ளி, 2 | சனி, 3 | திங்கள், 3 |
| நவம்பர் 24 | புதன், 2 | வியாழன், 3 | வெள்ளி, 2 | சனி, 3 | திங்கள், 3 | செவ்வாய், 3 |
| டிசம்பர் 1 | வியாழன், 2 | வெள்ளி, 2 | சனி, 3 | திங்கள், 3 | செவ்வாய், 3 | புதன், 2 |
| டிசம்பர் 8 | வெள்ளி, 2 | சனி, 3 | திங்கள், 3 | செவ்வாய், 3 | புதன், 2 | வியாழன், 2 |
| டிசம்பர் 15 | சனி, 3 | திங்கள், 3 | செவ்வாய், 3 | புதன், 2 | வியாழன், 2 | வெள்ளி, 2 |
| மொத்த லேட் | 15 | 15 | 15 | 15 | 15 | 15 |

ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் 2, 3 என்று ஏற்றத்தாழ்வு தெரியும். டிசம்பர் 21 அன்று கூட்டிப் பாருங்கள், எல்லாருக்கும் 15 வரும். ஞாயிறு லேட்டும் அப்படித்தான், ஆளுக்கு 3. ஞாயிறு லேட் யாருக்கு என்று மட்டும் தனியாக எழுதித் தருகிறேன், ஏனென்றால் எல்லாரும் கேட்கப்போவது அதைத்தான்:

நவம்பர் 16: ஜான்சி, செல்வி, முருகன்
நவம்பர் 23: பிரபு, ஜான்சி, செல்வி
நவம்பர் 30: கவிதா, பிரபு, ஜான்சி
டிசம்பர் 7: ரஃபீக், கவிதா, பிரபு
டிசம்பர் 14: முருகன், ரஃபீக், கவிதா
டிசம்பர் 21: செல்வி, முருகன், ரஃபீக்

சாவியும் கல்லாவும்

சாவி செல்வி, ரஃபீக், பிரபு மூவரிடம் ஆளுக்கொன்று இருக்கும். கல்லா முடிப்பதும் இவர்கள்தான். பெயர் வரிசையில் ஒருவர் விட்டு ஒருவராக இவர்களை வைத்திருப்பதால் எந்த நாள் எடுத்தாலும் காலையில் ஒருவர், லேட்டில் ஒருவர் கட்டாயம் இருப்பார். லேட்டை மாற்றிக்கொள்ளும்போது இதையும் பாருங்கள். சாவி இல்லாத இருவரே லேட்டில் நிற்கும்படி மாற்றினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். முருகன் அண்ணனும் கவிதாவும் கல்லா கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் சொல்லுங்கள், லேட் நாளில் கூட இருந்து பார்க்கலாம்.

கதவு சாத்திய பிறகு அரை மணி நேரத்தில் முடிய வேண்டியவை: கல்லா எண்ணி நோட்டில் எழுதுவது, வெளியே வைத்த ஸ்டாண்டுகளை உள்ளே எடுப்பது, தரை கூட்டுவது, பின்கதவுத் தாழ்ப்பாள், விளக்கு. 9:25க்கு ஒரு வாடிக்கையாளர் நுழைந்தால் அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாத்த வேண்டும், அதில் பேச்சில்லை. அதனால் 10 மணியைத் தாண்டினால் எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். சேர்ந்த நேரத்தை வேறொரு நாள் சீக்கிரம் கிளம்பிக் கழித்துக்கொள்ளலாம். எழுதாத நிமிடத்துக்கு நான் பொறுப்பில்லை.

கவிதாவுக்குக் கடைசி பஸ் 10:10க்கு. செவ்வாயும் புதனும் அவர் 9:45க்குக் கிளம்பலாம்; கூட இருக்கும் ரஃபீக்கும் பிரபுவும் கல்லாவை முடிப்பார்கள். அந்தக் கால் மணிக்குப் பதிலாக அந்த இரண்டு நாளும் கவிதா 1:15க்கு வந்துவிடுவார். வெள்ளி இரவு கடை பூட்டும் வரை நானும் இருப்பேன்.

சாப்பாட்டு நேரம்

காலை ஆட்கள் லேட் ஆட்கள் வந்த பிறகு 1:30, 2:00, 2:30 என்று ஒவ்வொருவராக. லேட் ஆட்கள் 4:00, 4:30. ஞாயிறு மூன்று பேர் என்பதால் 3:30க்கே தொடங்குங்கள். 5 மணிக்கு மேல் தளத்தில் ஆள் குறைவு, அப்போது யாரும் சாப்பிடப் போக வேண்டாம். டீ குடிக்கப் போவதை எல்லாம் நான் கணக்கெடுப்பதில்லை.

வியாழன் காலை சரக்கு வரும். முருகன் அண்ணனும் ரஃபீக்கும் இறக்குவார்கள், செல்வி பில்லோடு சரிபார்ப்பார். பெட்டியைப் பிரிப்பது 1:30க்கு மேல்.

மாற்றிக்கொள்வது

இருவருக்குள் பேசி மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் முந்தின நாள் மாலை 5 மணிக்குள் கல்லா பக்கத்து நோட்டில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. "அவர்தான் வரேன்னு சொன்னார்" என்ற பஞ்சாயத்துக்கு நான் வரமாட்டேன். மாற்றினால் லேட்டுக்கு லேட், லீவுக்கு லீவு. லேட் கொடுத்தவர் அதே ஆறு வாரத்துக்குள் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் 15 சரியாக நிற்கும். லேட்டுக்கு மறுநாள் காலை வரும்படியான மாற்றம் நீங்களே விரும்பிக் கேட்டாலும் கிடையாது.

ஞாயிறு லீவு வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள். அந்த வார லீவுக்குப் பதிலாக ஒரு நேரத்தில் ஒருவருக்குத் தர முடியும்.

திடீரென்று வர முடியாவிட்டால்

காலை ஷிப்ட் என்றால் 7 மணிக்குள், லேட் என்றால் 11 மணிக்குள் போன் செய்யுங்கள். மெசேஜ் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், நான் பார்க்காமல் போகலாம். காலையில் ஒருவர் குறைந்தால் இரண்டு பேரை வைத்துச் சமாளிக்கலாம், லீவில் இருப்பவரைக் கூப்பிட மாட்டேன். லேட்டில் குறைந்தால், மறுநாள் லேட் இருக்கும் காலை ஆளை அன்று 1:30க்கு வரச் சொல்வேன். உதாரணமாக செவ்வாய் ரஃபீக் வரவில்லை என்றால் பிரபு. அப்படி யாரும் இல்லாத நாளில், இந்த வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு, நான் நிற்பேன். கல்லா முடிக்க ஆள் இல்லையென்றாலும் நான்தான். மாற்றாக வந்தவர் கணக்கில் அந்த லேட் சேரும், வராதவர் பின்னால் ஈடு செய்வார். காய்ச்சலோடு யாரும் வந்து நிற்க வேண்டாம்.

எனக்கு லீவு செவ்வாய். அன்று காலை பிரபு பொறுப்பு, 1:30க்கு மேல் ரஃபீக்.

அடுத்த வாரம், நவம்பர் 17 முதல் 23 வரை, லேட் மட்டும்

திங்கள்: செல்வி, முருகன்
செவ்வாய்: முருகன், ரஃபீக்
புதன்: ரஃபீக், கவிதா
வியாழன்: கவிதா, பிரபு
வெள்ளி: பிரபு, ஜான்சி
சனி: ஜான்சி, செல்வி
ஞாயிறு: பிரபு, ஜான்சி, செல்வி

முழுப் பட்டியல் வியாழன் மாலை கல்லா பக்கம் ஒட்டப்படும். அதில் ஏதாவது இடித்தால் வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள். ஞாயிறு மாலை வந்து சொன்னால் திருத்த நேரம் இருக்காது.

மாலதி
கடைப் பொறுப்பு