மனை எண் 14: மண் ஆய்வு முடிவு

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் வாங்கவிருக்கும் மனையில் மூன்று இடங்களில் 6 மீட்டர் ஆழம் வரை துளையிட்டுப் பார்த்தோம். மேலே 2.4 மீட்டர் வரை கரிய களிமண். அதன் கீழே இறுகிய சரளை. நிலத்தடி நீர் தென்படவில்லை.

கவலை அந்தக் களிமண்ணைப் பற்றியதுதான். நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆய்வகத்தில் அதன் நீர்ம எல்லை 68 சதவீதம், நெகிழ்மைக் குறியீடு 41. இரண்டுமே அதிகம், மண் நன்றாக உப்பும் என்பதன் அடையாளம். உப்பும்போது அது மேலே தள்ளும் வீக்க அழுத்தம் 150 கிலோபாஸ்கல். நீங்கள் கட்ட நினைக்கும் ஒற்றைமாடி வீடு அடித்தளத்தின் மீது செலுத்தும் அழுத்தம் இதைவிடக் குறைவு. அதாவது, மண்ணால் வீட்டைத் தூக்க முடியும். அதுவும் சமமாகத் தூக்காது. ஓரங்கள் நனைந்து காயும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். பக்கத்து மதிலில் படிக்கட்டு போல ஓடும் விரிசல்களைப் பார்த்திருப்பீர்கள்.

சாதாரண ஆழமற்ற அடித்தளம் இங்கே வேண்டாம். சரளையில் ஊன்றும், அடி விரிந்த கான்கிரீட் தூண்களான பைல்களை 4 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேலே இணைப்பு உத்திரங்கள் அமைக்கலாம். மண் உப்பினாலும் உத்திரத்தைத் தூக்காதபடி, இரண்டுக்கும் இடையே வெற்றிடம் விட வேண்டும். மேஸ்திரிகள் பலர் இதை மண் போட்டு நிரப்பிவிடுவார்கள், கவனம். சுவரோரம் மரம் நடாதீர்கள், கூரைநீர் அங்கே தேங்கக் கூடாது.

மனையை வாங்கலாம். ஆனால் கூடுதல் அடித்தளச் செலவை மதிப்பிட்டு, விலையில் குறைத்துக் கேளுங்கள். முழு அறிக்கை இணைப்பில்.

இப்படிக்கு,
மண் ஆய்வுப் பொறியாளர்