முத்தனும் சினை நண்டும்

ஒரு ஊர்ல, அதாவது கிள்ளை பக்கம் சுரபுன்னை காட்டை ஒட்டி, முத்தன்னு ஒரு மீன்காரர் இருந்தாரு. நல்ல மனுசன், ஆனா அந்த வருசம் வலைல பாசியும் சேறும் தவிர ஒண்ணும் சிக்கல, வீட்ல அரிசிப்பானை காலி.

ஒரு பௌர்ணமி ராத்திரி முகத்துவாரத்துகிட்ட வலைய இழுத்தா கனமா ஒரு பச்சை நண்டு. "அப்பாடா, நாளைக்கு சந்தைல நல்ல வெல"ன்னு சந்தோசமா அதோட கொடுக்குகள கட்ட கயித்த எடுத்தாரு பாருங்க, நண்டு பேச ஆரம்பிச்சிருச்சு.

"அண்ணே, இன்னிக்கு பௌர்ணமி. பௌர்ணமி நண்டுக்குள்ள தண்ணிதான் இருக்கும்னு உங்க ஆத்தா சொன்னதில்லையா?"

"அந்த கதையெல்லாம் வேணாம், கை சொல்லுது நீ எவ்ளோ கனம்னு."

"கனம் சதையில்லண்ணே. திருப்பி பாருங்க."

திருப்பினாரு. வயித்து மடிப்பு பிதுங்கி, கறுப்பா, கடுகு கணக்கா முட்டை. கறுத்துட்டா இன்னும் கொஞ்ச நாள்ல பொரிஞ்சிரும்னு அவருக்கு தெரியும், நண்டு அதுக்காகத்தான் கடலுக்கு போய்க்கிட்டு இருந்துச்சு. ஆனா பசி இருக்கே, அது எங்க யோசிக்க விடும்.

"சினை நண்டுன்னா இன்னும் வெல ஜாஸ்தி"ன்னாரு.

நண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம், "சரிண்ணே, ஒரு கணக்கு. உங்களுக்கு ஒரு நாள் குழம்பு வேணுமா, வருசா வருசம் குழம்பு வேணுமா?"ன்னு கேட்டுச்சு. அவரு பதில் சொல்றதுக்குள்ள ஒரு சிலுப்பு சிலுப்பி தன்னோட பெரிய கொடுக்க தானே கழட்டி தோணில போட்டுச்சு. "இது இன்னிக்கு ராத்திரிக்கு. சட்டை உரிக்கிறப்ப எனக்கு மறுபடி முளைச்சிரும். ஆனா வயித்துல இருக்கறத எடுத்தீங்கன்னா உங்க உப்பங்கழிக்கு எங்கேர்ந்து முளைக்கும்?"

முத்தனுக்கு கை நடுங்கிருச்சு. வத்தம் வாங்கற நேரம் பாத்து, தண்ணி கடல் பக்கம் ஓடறப்ப, மெதுவா அத இறக்கி விட்டாரு.

வீட்ல பொண்டாட்டி செல்லாயி ஒத்த கொடுக்க பாத்துட்டு, "ஒடம்பு எங்கய்யா?"ன்னு ஏசினா ஏசினா அப்படி ஏசினா. நடந்தத சொன்னதும் கப்சிப். மிளகு தட்டிப் போட்டு ரசம் வச்சா, பையனோட சேத்து மூணு பேரும் குடிச்சிட்டு படுத்தாங்க.

மறு வருசம் மழை ஓஞ்சதும் கழி முழுக்க நண்டு! தூண்டி போட்ட இடமெல்லாம் நண்டு. அதுல ஒண்ணுக்கு ஒரு கொடுக்கு பெருசு, இன்னொண்ணு புதுசா சின்னதா இருந்துச்சு. முத்தன் சிரிச்சிட்டு, "போம்மா"ன்னு விட்டாரு.

பையன், "ஏம்பா, நம்ம புடிச்சத நாமளே விடறோம்?"னு கேட்டான்.

"வெத நெல்ல வறுத்து தின்ன வீட்ல அடுத்த வருசம் அடுப்பு எரியாதுப்பா. கடல் குடுக்கறத எடுத்துக்கலாம், ஆனா அது நாளைக்கு குடுக்கறதுக்கும் கொஞ்சம் விட்டு வைக்கணும்"னு சொல்லி, அடுத்த நண்ட அவன் கையில குடுத்து திருப்பிப் பாக்கச் சொன்னாரு.