கந்தோர்ப் பரமநாதன்

அறுபது வயதைக் கடந்த அரச ஊழியர் அனைவரும் 2022 டிசம்பர் 31ஆந் திகதியுடன் ஓய்வுபெற வேண்டும் என்ற சுற்றறிக்கை வந்தபோது, அலுவலகத்தில் அதை முதலில் வாசித்தவர் பரமநாதனே. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வு வயது அறுபத்தைந்தாக உயர்த்தப்பட்டிருந்ததால், இன்னும் நான்கு ஆண்டுகள் கையில் உண்டு என்று எண்ணியிருந்தவர் அவர். தாளை இரண்டு முறை வாசித்தார். மேல்மூலையில் பெறப்பட்ட திகதிக்குரிய முத்திரையைக் குத்தி, உரிய கோவையில் இட்டு, பக்க இலக்கம் எழுதி, பிரதேச செயலாளரின் மேசைக்கு அனுப்பினார். மாலை வீடு திரும்பும் வழியில், குளப்பிட்டிச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி இறங்கிய பிறகுதான், அந்தத் தாள் தம்மைப் பற்றியது என்பது அவருக்கு உறைத்தது.

1984ஆம் ஆண்டு, இருபத்து மூன்றாவது வயதில் இலிகிதராகச் சேர்ந்தவர். முப்பத்தெட்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை ஓய்வூதியப் பிரிவிலேயே கழித்தார். கொக்குவிலில் அப்பொழுது மூன்று பரமநாதன்கள் இருந்தார்கள். ஒருவர் வெற்றிலைக்கடைப் பரமநாதன், மற்றவர் சங்கக்கடைப் பரமநாதன், இவர் கந்தோர்ப் பரமநாதன். கடைக்காரர் இருவரும் இறந்து பல ஆண்டுகள் ஆகியும், இனிக் குழப்பத்துக்கு இடமில்லை என்று தெரிந்தும், ஊர் அந்த அடைமொழியைக் கைவிடவில்லை. திருமண அழைப்பிதழ்களின் உறையிலும் அப்படியே எழுதினார்கள். அதில் அவருக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்தது.

2023 ஜனவரி 2ஆந் திகதி, திங்கட்கிழமை. வழக்கம்போல் நாலரைக்கு எழுந்து, கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை அணிந்து, பையில் நீலப் பேனா ஒன்றும் சிவப்புப் பேனா ஒன்றும் செருகிக்கொண்டு, சைக்கிளின் பூட்டைத் திறந்தார். அடுப்படியிலிருந்து இராசமலர் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, எங்க வெளிக்கிடுறியள்?"

அவர் பதில் சொல்லாமல் சற்று நேரம் நின்றார். பிறகு, காற்றுப் போயிருக்கிறதா என்று பார்ப்பவர் போலச் சில்லை அமர்த்திப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திரும்பச் சுவரில் சாத்தினார். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு இடியப்பங்களைக் கூடுதலாகத் தட்டில் வைத்தாள்.

முதல் சில மாதங்கள் அத்தனை கடினமாக இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். விறாந்தையின் யன்னலோரத்தில் இருந்த தம் மேசையில் காலை எட்டரைக்கு உட்கார்ந்துவிடுவார். மின்சாரப் பட்டியல்கள், காணி உறுதிகளின் பிரதிகள், கனடாவிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தின் சிட்டைகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோவைகள் திறந்தார். ஒவ்வொன்றின் அட்டையிலும் இலக்கம் இட்டார். விடுபட்ட கொடுப்பனவு, பிழைபட்ட பெயர், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான விண்ணப்பம் என்று யாராவது வந்துகொண்டுமிருந்தார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதும்போது, இடது மூலையில் 'எனது இல.' என்று கை தானாகவே எழுதிவிடும். அதற்கு நேரே எழுதுவதற்கு இனி ஓர் இலக்கமும் தம்மிடம் இல்லை என்பது அதன் பிறகே நினைவுக்கு வரும். பிழை விட்ட தாளைக் கிழித்து வேறு தாள் எடுப்பார். வந்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பார்கள்.

ஆவணி பிறந்தபோது அந்த வருகை குறைந்திருந்தது. படிவங்கள் மாறின, சில வேலைகள் கணினிக்குப் போயின, அவர் சொல்லி அனுப்பிய ஒழுங்கில் போன ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டார். அந்தச் செய்தி அவரை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் அவருக்கு முன்பெல்லாம் இன்னோர் அலுவலகம் போலவே இருந்தவை. வீதி சுற்றி வருவதற்குள் பத்துப் பேராவது மறித்து, "ஐயா, என்ர அலுவல் என்ன மாதிரி?" என்று கேட்பார்கள். அவ்வாண்டு தேர் நாளில் அவர் வடக்கு வீதியில் நெடுநேரம் நின்றார். தெரிந்த முகங்கள் பல கடந்தன. தலையசைத்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். எவரும் நிற்கவில்லை. மரியாதை குறைந்துவிட்டது என்று அதைச் சொல்ல முடியாது. அவரிடம் கேட்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர, வழியில் காணும் ஒரு மனிதரோடு வேறு எதைப் பேசுவது என்று தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். பிள்ளைகளின் சுகம் கேட்கலாம். அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது அவருக்குக் கோவையிலிருந்துதான் தெரியும், பெயர்கள் தெரியாது.

ஒரு நாள் மாலை, படலைக்கு வெளியே நின்ற வாகனக்காரன் ஒருவன் யாரிடமோ வழி கேட்டான். "பரமநாதனோ? உந்த மூலை வீடு" என்று ஓர் இளைஞன் பதில் சொன்னது அவர் காதில் விழுந்தது. வீட்டை வைத்து ஆளை அடையாளம் சொல்கிறான், தவறில்லை. அவர் அன்று விளக்கு வைத்த பிறகும் விறாந்தையிலேயே இருந்தார்.

2024 பெப்ரவரியில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. ஓய்வூதியம் பெறுபவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று ஆண்டுதோறும் உறுதிப்படுத்தும் அந்தத் தாளை அவர் தம் கையால் எத்தனையோ ஆயிரம் முறை வாங்கிப் பதிந்திருக்கிறார். கைத்தடியோடு வந்தவர்களுக்குக் கதிரை கொடுத்து எழுப்பாமலே வேலையை முடித்து அனுப்புவது அவருடைய வழக்கம். இப்போது வாங்கில் அமர்ந்து முறை வந்ததும் எழுந்து போனார். பிரிவில் புதிதாக நியமனம் பெற்ற பிள்ளை ஒன்று இருந்தது. பண்பாகத்தான் கேட்டது.

"ஐயா, பென்சன் இலக்கம் சொல்லுங்கோ."

அவர் ஓர் இலக்கத்தைத் தயங்காமல் சொன்னார். பிள்ளை அதைக் கணினியில் அடித்துவிட்டு நிமிர்ந்தது.

"அப்பிடி ஒருத்தரும் இப்ப இல்லை, ஐயா."

அவர் சொன்னது ஓர் ஆசிரியையின் இலக்கம். அந்த அம்மா இறந்து இருபது ஆண்டுகள் இருக்கும். நூற்றுக்கணக்கானவர்களின் இலக்கங்கள் நாவின் நுனியில் இருந்தன. தம்முடைய இலக்கம் அவருக்குத் தெரியவில்லை. பெயரையும் அடையாள அட்டையையும் கொடுத்தார். பிள்ளை அலுமாரியிலிருந்து கோவையை எடுத்து வந்து மேசையில் வைத்தது. அதன் அட்டையில் இருந்தது அவருடைய கையெழுத்தே. ஓய்வுபெறுவதற்கு முன் தம் கோவையைத் தாமே திறந்து, பெயரின் கீழ் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் கோடும் இழுத்திருந்தார். ஓரெழுத்துப் பிசகாத வேலை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, ஐயா" என்று பிள்ளை இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஓய்வூதிய அட்டையைத் தேடினார். இலக்கத்தை மனனம் செய்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். இலாச்சியில் அது இல்லை. பின்னால் விழுந்திருக்கக்கூடும் என்று மேசையைச் சுவரிலிருந்து இழுத்தார். அட்டை அங்கேதான் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது, சீமெந்துத் தரையில் மூன்று கறள் தடங்களைக் கண்டார். செம்மண் நிறத்தில், இருபத்தைந்து சதக் குற்றியளவு வட்டங்கள். நாலாவது, மேசைக் காலின் அடியில் மறைந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். தரைக்குள் ஊறிப்போயிருந்தது.

இராசமலரின் தையல் மெசின் நின்ற இடம் அது.

1995 ஒக்டோபர் 30. போருக்கு அஞ்சி வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவு பற்றி அவர் பலருக்கும் சொல்லியிருக்கிறார். மழையில், நாவற்குழிப் பாலத்து நெரிசலில், ஓர் அடி எடுத்து வைக்கக் கால் மணி நேரம் காத்து நின்றதையும், ஓய்வூதியப் பதிவேடுகள் இரண்டை உரப் பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோனதையும், மீசாலையில் ஒரு வேப்பமரத்தடியில் அவற்றை விரித்து வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்த்துக் கொடுத்ததையும் சொல்லுவார். அந்தப் பதிவேடுகள் இல்லையென்றால் பல கிழவிகள் பட்டினி கிடந்திருப்பார்கள் என்பது உண்மை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மறைத்தார் என்பதற்கில்லை; அது அவர் நினைவில் நிற்கவே இல்லை. கரியரில் முதலில் வேறொன்று கட்டப்பட்டிருந்தது. இராசமலர் மெசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் பொதிந்து, தானே கயிறு போட்டு இறுக்கியிருந்தாள். அவர் அந்தக் கயிற்றை அவிழ்த்தார். தலையைத் தூக்கி இந்த விறாந்தையில் வைத்தார். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது தலையும் இல்லை, காலும் இல்லை. வெறுமையாகக் கிடந்த யன்னலோரத்தில் அவர் தம் மேசையைப் போட்டுக்கொண்டார்.

"இஞ்சரும்" என்று கூப்பிட்டார். குரல் அடைத்திருந்தது. "இஞ்ச ஒருக்கா வாரும்."

ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தவள், இழுத்துப் போட்டிருந்த மேசையையும் தரையையும் பார்த்தாள். எதைக் காட்டுகிறார் என்று அவளுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அதுக்குப் பிறகு நீர் ஏன் தைக்கேல்லை?"

"மெசின் இல்லையேப்பா."

"நான் வாங்கித் தந்திருப்பனே."

"நீங்கள் கேக்கேல்லை" என்றாள். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் அமர்ந்து, கறள் வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "பள்ளிக்கூடம் துவங்குற காலத்தில நித்திரையே இல்லை. ஒழுங்கை முழுக்க என்னட்டத்தான் தைக்க வரும். ஒருத்தருக்கும் ரெண்டாந்தரம் அளவு எடுக்கமாட்டன்."

"எழுதி வைச்சிருந்தனீரோ?"

"ஏன் எழுத? நினைவு இருக்குத்தானே."

அவர் கதிரையில் உட்காரவில்லை. அவளுக்கு எதிரே தரையில், மூட்டு நோவோடு, மெல்ல மெல்ல இறங்கி அமர்ந்தார்.

"அந்த ரீச்சரம்மாவுக்கும் தைச்சனீரோ? கோயில் வீதியில இருந்தவ?"

"ஓம், ஓம். நல்ல மனிசி." அவள் கண்களை அரைவாசி மூடிக்கொண்டாள். "மார்பு முப்பத்தாறு. தோள் பதினாலரை. கை பத்து, கொஞ்சம் இறுக்கமாய் வேணும் எண்டு சொல்லுவா. வலது தோள் அரை இஞ்சி பதிவு, அதாலை அந்தப் பக்கம் விட்டுத்தான் வெட்டுவன்."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட இருவரும் எழவில்லை.

"அவவின்ர தங்கச்சிக்கு?" என்று கேட்டார் பரமநாதன்.