விநியோக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு

சோலைப்பனி தேயிலை பேக்கிங்
பெட்போர்டு, குன்னூர், நீலகிரி மாவட்டம்

நாள்: 25-3-2026
விரைவு அஞ்சல் மற்றும் மின்னஞ்சல் வழியாக

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
சோலைப்பனி தேயிலை விநியோகஸ்தர்,
லோயர் பஜார், உதகமண்டலம்.

பொருள்: விநியோக ஒப்பந்தத்தை 31-5-2026 அன்றுடன் முடித்துக்கொள்ளுதல், கையிருப்புச் சரக்கு, பாக்கித் தொகை, பிராண்டு பயன்பாடு ஆகியவை குறித்து.

பார்வை: 1-4-2019 தேதியிட்ட விநியோக ஒப்பந்தம், பிரிவு 14.

அன்புடையீர், வணக்கம்.

மேற்படி ஒப்பந்தத்தின் பிரிவு 14, இரு தரப்பில் எவரும் காரணம் கூறாமலேயே 60 நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடமளிக்கிறது. அதன்படி இக்கடிதத்தை அறிவிப்பாகக் கொடுக்கிறோம். ஒப்பந்தம் 31-5-2026 மாலை வியாபாரம் முடியும் நேரத்தோடு முடிவுக்கு வரும். 60 நாளுக்கும் கூடுதலாக விட்டிருப்பதற்குக் காரணம், மலர்க் கண்காட்சியை ஒட்டிய மே மாத சீசன் வியாபாரத்தைத் தாங்கள் முழுமையாகச் செய்து முடிக்க வேண்டும் என்பதே.

கடந்த பிப்ரவரியில் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் குன்னூரில் எங்கள் பேக்கிங் கூடத்துக்கு ஒரு டின்னைக் கொண்டு வந்தார். 250 கிராம் ஆர்த்தடாக்ஸ் டின், லேபிளும் எங்களுடையதே. ஆனால் மூடியைச் சுற்றி எங்கள் சீலுக்குப் பதிலாகச் சாதாரண செல்லோ டேப் ஒட்டியிருந்தது, பேட்ச் எண் பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டிருந்தது, உள்ளே இருந்தது லூஸ் டஸ்ட். கூட்ட நேரத்தில் கடைப் பையன் செய்துவிட்டதாகத் தாங்கள் சொன்ன விளக்கத்தை நாங்கள் மறுக்கவில்லை. அதனால்தான் மீறலுக்குரிய பிரிவு 16-ஐக் கையில் எடுக்காமல் பிரிவு 14-இன்படியே விலகுகிறோம். இருந்தாலும், பிரிவு 16-இன் கீழ் எங்களுக்குள்ள உரிமைகள் எதையும் இதனால் கைவிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

அறிவிப்புக் காலத்தில் வழக்கமான அளவில் சரக்குத் தருவோம். ஆனால் பழைய பாக்கி நிற்பதால், இன்று முதல் எல்லா பில்லுக்கும் சரக்கு இறங்கும்போதே பணம் செலுத்தவேண்டும். 20-5-2026-க்குப் பிறகு புதிய ஆர்டர் ஏற்க மாட்டோம். கடைசி வாரத்தில் வரும் சரக்கு மறுபடி கையிருப்பாகவே நின்றுவிடும்.

கையிருப்பைப் பொறுத்தவரை, தங்கள் பிப்ரவரி அறிக்கைப்படி 250 கிராம் டின் 212-உம் 100 கிராம் பாக்கெட் 640-உம் உள்ளன. 1-6-2026 அன்று காலை 10 மணிக்கு எங்கள் பிரதிநிதியும் தாங்களும் சேர்ந்து தங்கள் குடோனில் சரக்கை எண்ணி, பேட்ச் வாரியாகப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். சீல் பிரியாமல், பயன்பாட்டுக் காலம் இன்னும் 6 மாதமாவது மிச்சமுள்ள சரக்கைத் தங்களுக்கு நாங்கள் போட்ட பில் விலைக்கே, அதாவது டின் ரூ.190, பாக்கெட் ரூ.62 என்ற கணக்கில், திரும்ப எடுத்துக்கொள்வோம். குன்னூர் வரை ஏற்றி வரும் வண்டிச் செலவு எங்களுடையது. 3 மாதம் முதல் 6 மாதம் வரை மிச்சமுள்ளவற்றைத் தாங்களே 31-7-2026 வரை விற்றுக்கொள்ளலாம். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேலோ, எங்கள் பில் விலைக்குக் கீழோ விற்கக் கூடாது. அதற்கும் குறைந்த காலமுள்ளவை, ஈரம் ஏறியவை, டின் நசுங்கியவை ஆகியவற்றுக்கு மதிப்புப் போட மாட்டோம். அவற்றை இரு தரப்பு முன்னிலையில் அழித்துவிட வேண்டும். காலி டின்களையும் சேர்த்தே அழிக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஊட்டி மழையில் தங்கள் குடோனின் மேற்குச் சுவர் ஒழுகுவது இருவருக்கும் தெரிந்ததே. எனவே இப்போதே அந்தப் பக்க அட்டைப் பெட்டிகளைப் பலகை மேல் ஏற்றி வைத்துவிடுவது நல்லது.

ஜிஎஸ்டி விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். 2025-26 நிதியாண்டு பில்களில் வந்த சரக்குக்கு நாங்கள் கிரெடிட் நோட் போடுவோம். தாங்கள் அதற்கு இணையான உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் காட்ட வேண்டும். இவற்றை 30-11-2026-க்குள் கணக்கில் காட்டிவிட வேண்டும். அதற்கு முந்தைய நிதியாண்டின் பில்களுக்கு அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டதால், அந்தச் சரக்கைத் தாங்கள் எங்களுக்குத் தனி வரி பில் போட்டே அனுப்ப வேண்டும். எண்ணும்போதே இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

பாக்கித் தொகை: 20-3-2026 அன்றைய எங்கள் பேரேட்டின்படி நவம்பர் பில் ரூ.1,62,400, டிசம்பர் பில் ரூ.1,48,900, ஜனவரி பில் ரூ.1,74,900, ஆக மொத்தம் ரூ.4,86,200 நிற்கிறது. டிஸ்ப்ளே செலவாகத் தாங்கள் கேட்ட ரூ.21,700-இல் ரூ.18,200-ஐ ஏற்கிறோம், மீதி ரூ.3,500-க்கு ரசீது நகல் வரவில்லை, 15-4-2026-க்குள் வந்தால் அதையும் ஏற்போம். தங்கள் வைப்புத்தொகை ரூ.1,00,000-ஐயும் கழித்தால் ரூ.3,68,000 வருகிறது. பிப்ரவரி அறிக்கையில் உள்ள சரக்கு முழுவதும் திரும்பப் பெறத் தக்கதாக இருந்தால் அதன் மதிப்பு ரூ.79,960, 5 சதவீத வரியுடன் ரூ.83,958, அப்போது தாங்கள் தர வேண்டியது ரூ.2,84,042. சரக்கு சீசனில் விற்றுப்போனால் இந்தக் கழிவு அதற்கேற்பக் குறையும்.

இதில் ரூ.1,40,000-ஐ 30-4-2026-க்குள்ளும், மீதியைக் கூட்டு எண்ணிக்கைக்குப் பின் இறுதிக் கணக்குப்படி 20-6-2026-க்குள்ளும் வங்கி மூலம் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு தவணையும் உரிய நாளில் வந்துவிட்டால் ஒப்பந்தப்படியான ஆண்டுக்கு 12 சதவீத வட்டியைக் கேட்க மாட்டோம். தவறினால் ஒவ்வொரு பில்லின் கெடு தேதியிலிருந்தும் வட்டி சேரும். இறுதித் தொகை வந்த 7 நாளுக்குள், பாதுகாப்புக்காகத் தாங்கள் கொடுத்த இரண்டு காசோலைகளையும் நேரில் திருப்பித் தருவோம். கடைக்காரர்களிடம் தங்களுக்கு வர வேண்டிய பாக்கி தங்களுடையதே. அதில் நாங்கள் தலையிட மாட்டோம். கடைகளில் நிற்கும் பழைய சரக்கைத் தாங்கள் திரும்ப எடுத்தால் அதையும் மேற்சொன்ன விதிகளின்படியே கணக்கில் சேர்ப்போம்.

இனி பிராண்டு. "சோலைப்பனி" என்ற பெயரும் இலைச் சின்னமும் 30-ஆம் வகுப்பில் எங்கள் பெயரில் பதிவு பெற்ற வணிகச் சின்னங்கள். 1-6-2026 முதல் தங்களை எங்கள் விநியோகஸ்தர் என்று எங்கும் குறிப்பிடக் கூடாது. கடை முகப்புப் பலகை, வேனின் இருபக்கப் பெயின்ட், பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், வாட்ஸ்அப் குழுவின் பெயரும் படமும், கூகுள் மேப் பதிவு ஆகிய எல்லாவற்றையும் 15-6-2026-க்குள் மாற்றிவிட வேண்டும். 31-7-2026 வரை விற்க அனுமதித்த சரக்கை அதன் அசல் பேக்கிங்கில் விற்பது மட்டும் விதிவிலக்கு. எங்களுக்குச் சொந்தமான 8 டிஸ்ப்ளே ரேக்குகளையும், கிஃப்ட் பேக்குக்காகக் கொடுத்த லேபிள் ரோலில் மிஞ்சியதையும் கூட்டு எண்ணிக்கை நாளிலேயே ஒப்படைக்க வேண்டும். லேபிள் விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம், அதில் அச்சாகியிருப்பது எங்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண். உள்ளே யாருடைய தூள் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். மேற்சொன்ன தேதிக்குப் பிறகு பெயரோ சின்னமோ பயன்பாட்டில் இருந்தால், வணிகச் சின்னங்கள் சட்டம் 1999, பிரிவு 29-இன்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்.

பேக்கிங் தொடங்கிய நாட்களில் சேரிங் கிராஸ் கடைகளுக்கு முதல் பெட்டிகளைத் தாங்கள் தோளில் சுமந்து கொண்டுபோய் வைத்ததை நாங்கள் மறக்கவில்லை. புதிய விநியோகஸ்தரை 1-6-2026-க்கு முன் தங்கள் கடைகளுக்கு அனுப்ப மாட்டோம்.

பேரேட்டு நகலை இத்துடன் இணைத்துள்ளோம். கணக்கில் வேறுபாடு இருந்தால் 10-4-2026-க்குள் பில் எண்ணுடன் எழுத்தில் தெரிவிக்கவும். இக்கடிதத்தின் இரண்டாம் படியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டு, கடை முத்திரையுடன் எங்களுக்குத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
நிர்வாகப் பங்குதாரர்,
சோலைப்பனி தேயிலை பேக்கிங், குன்னூர்.

இணைப்பு: பேரேட்டு நகல் (1-4-2025 முதல் 20-3-2026 வரை), மூன்று பில்களின் நகல், டிஸ்ப்ளே ரேக் பட்டியல்.