கோபியில் இருந்து கணக்கு வேலைக்கு: ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 29 வரை

கண்ணு, நீ கேட்ட திட்டம் இது. கதவில் ஒட்டி வை. பி.காம் முடித்தாயிற்று, எங்கும் வேலை பார்த்ததில்லை. அதனால் முதல் மாதம் யாரிடமும் வேலை கேட்கப் போவதில்லை, காட்டுவதற்கு ஒரு வேலையை நாமே செய்யப் போகிறோம்.

ஜூன் 1 – 7: காகிதங்கள்

மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் வை. இமெயில் முகவரியில் உன் பெயர் மட்டும் இருக்கட்டும், அந்தப் பூனைக்குட்டி முகவரி வேண்டாம். tnprivatejobs.tn.gov.in தளத்தில் பதிவு செய். மத்திய அரசின் நாட்ஸ் தளத்திலும் செய்துவிடு. பட்டதாரிகளுக்கு உதவித்தொகையோடு தொழிற்பயிற்சி தருவது அது. இரண்டும் ஒரு நாள் வேலைதான்.

ஜூன் 8 – 30: சித்தப்பா கடைக் கணக்கு

இதுதான் முக்கியம். சித்தப்பாவின் ஹார்டுவேர் கடையில் மே மாதக் கொள்முதல், விற்பனை பில்களை வாங்கி வா. நான் பேசிவிட்டேன், "பில்லைத் தொலைக்காமல் இருந்தால் சரி" என்கிறார். தினம் காலை இரண்டு மணி நேரம் டேலி கணக்கு மென்பொருளில் ஏற்று. 13-ஆம் தேதிக்குள் கொள்முதல் பில்கள் முடிய வேண்டும், ஏனென்றால் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் மே மாத GSTR-2B வந்துவிடும். யார் யார் சித்தப்பாவுக்கு விற்றதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று அதில் தெரியும். அதை எக்செல்லில் Sheet2-இல் இறக்கி, நீ ஏற்றியதை முதல் ஷீட்டில் வை. இரண்டிலும் பில் எண் A பத்தியிலும், Sheet2-இல் தொகை D பத்தியிலும் இருக்கட்டும். பிறகு VLOOKUP போட்டு ஒப்பிடு:

```
=VLOOKUP(A2,Sheet2!A:D,4,FALSE)
```

#N/A என்று வந்தால் அந்த பில் GSTR-2B-யில் இல்லை என்று அர்த்தம். பில் எண்ணை ஒருவர் 045 என்றும் இன்னொருவர் 45 என்றும் போட்டிருந்தாலும் இப்படித்தான் வரும், அதனால் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடு. விடுபட்ட பில்களைப் பட்டியல் போட்டுச் சித்தப்பாவிடம் கொடு. அந்த பில்களில் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளுமுன் அவர் விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

மாதக் கடைசியில் ஒரு பக்க ரெஸ்யூமே. எத்தனை பில் ஏற்றினாய், எத்தனை பொருந்தவில்லை என்பது முதல் வரியில் வரட்டும். "சவால்களை விரும்பும் குணம்" என்பதெல்லாம் வேண்டாம். திருப்பூரில் நான் கணக்குப் பிரிவில் இருக்கும் இத்தனை வருடத்தில் அதைப் படித்து யாரையும் கூப்பிட்டதில்லை.

ஜூலை 1 – 30: நேரில் போவது

வாரம் எட்டு இடம். கோபி, ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ்கள், பெருந்துறை சிப்காட், திருப்பூர் பனியன் கம்பெனிகள். ஆனால் தேதி பார்த்துப் போ. விற்பனைக் கணக்கான GSTR-1-க்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் கணக்கான GSTR-3B-க்கு 20-ஆம் தேதி கடைசி நாள். அதற்கு முந்தைய மூன்று நாள் எந்தக் கணக்கு ஆபீசுக்கும் போகாதே. போன மாதம் 19-ஆம் தேதி எங்கள் ஆபீசுக்கு ஒரு பையன் வந்தான். பாவம், நிமிர்ந்து பார்க்கவே ஆளில்லை. திருப்பூருக்குச் சனிக்கிழமையும் வேண்டாம், அன்று வாரச் சம்பளப் பட்டுவாடா. சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்கு ஜூலை 31-க்குள் போக வேண்டும் என்பதால் ஆடிட்டர் ஆபீஸ்களில் ஒரு மாதத்துக்காவது கை தேவைப்படும். "ஒரு மாசம் மட்டும் வரட்டுங்களா?" என்று நீயே கேள்.

போன இடம், பார்த்த ஆள், அவர் சொன்னது மூன்றையும் நோட்டில் எழுது.

ஜூலை 31 – ஆகஸ்ட் 29: இரண்டாம் சுற்று

"அப்புறம் பார்க்கலாம்" என்றவர்களிடம் மறுபடி போ. இன்டர்வியூவில் நிச்சயம் வரும் கேள்வி: கோவைக்கு விற்றால் என்ன வரி, பாலக்காட்டுக்கு விற்றால் என்ன வரி? முதலாவது நம் மாநிலத்துக்குள் என்பதால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. இரண்டாவது வேறு மாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி. தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

சம்பளம் 15,000 என்றால் கைக்கு எவ்வளவு என்று அங்கேயே கணக்குப் போடு. முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் பிஎஃப் 12 சதவீதம் 1,800, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 113, மீதி 13,087. அதில்தான் ஹாஸ்டலும் பஸ்ஸும். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

ஆடியில் புது வேலைக்குச் சேரக் கூடாது என்று அம்மாயி சொல்லும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சேர்ந்துவிடு.

ஆகஸ்ட் 20 வரை எதுவும் அமையாவிட்டால் நாட்ஸ் பயிற்சியையோ ஆடிட்டர் ஆபீசில் குறைந்த சம்பளத்தையோ ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொள். 29-ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். நோட்டை எடுத்து வை.

— மாமா